வயிறு கழுவத் தெரியும் என்பதற்குக் கையெழுத்து

நான் செய்யாத வேலைக்குக் கையெழுத்துப் போட ஒரு சிஸ்டர் தானாகவே முன்வந்தபோது, வேண்டாம் என்று சொன்னது சரியா, தப்பா? சொன்ன அன்றைக்கே எனக்குத் தெரியவில்லை. இன்று என் பையன் வீடு முழுக்க ஓடுகிறான். இன்னும் தெரியவில்லை.

நர்ஸ் வேலை எனக்குப் புதிதல்ல. கல்யாணத்துக்கு முன்பே சர்க்கார் ஆஸ்பத்திரியில் படிப்பை முடித்து, பிரசவப் பயிற்சியும் முடித்து, கொஞ்ச காலம் வேலையும் பார்த்தவள். குழந்தை பிறந்து தவழ ஆரம்பித்த பிறகு, துறைமுகத்துப் பக்கம் இருக்கும் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்தது. எங்கள் வீடு திருவொற்றியூரில். கணவருக்குத் துறைமுகத்தில் கப்பல் சரக்குக் கணக்கெடுக்கும் குமாஸ்தா வேலை. வேலையை ஒப்புக்கொள்ளலாமா என்று நான் ஒரு வாரம் குழம்பினேன். குழந்தையைப் பார்த்துக்கொள்ள நாத்தனார் இருக்கிறாள், பஸ்ஸில் போய் வந்துவிடலாம் என்று அவர்தான் தைரியம் சொன்னார்.

போய் வரத்தான் விடவில்லை. புதிதாகச் சேரும் நர்ஸ், அனுபவம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், முதல் மாதம் நர்ஸுகள் விடுதியிலேயே தங்க வேண்டும் என்றார் தலைமை நர்ஸான மேட்ரன். காலை, மாலை, இரவு என்று மூன்று வேளை முறையிலும் போட்டுப் பார்ப்பார்களாம். அந்த மாதத்துக்கு ஓர் அட்டவணை இருந்தது. முதல் வாரம் துணி அறை, மருந்து அறை, சமையல்கூடம் என்று இடங்களைத் தெரிந்துகொள்வது. இரண்டாவது வாரம் ஆண்கள் அறுவை வார்டு. மூன்றாவது பெண்கள் வார்டு. நான்காவது, விபத்து, விஷம், வலிப்பு என்று வருகிறவர்களைப் பார்க்கும் அவசரப் பிரிவு. அட்டவணையோடு கெட்டியான காகிதத்தில் மடித்த ஒரு கார்டும் கொடுத்தார்கள். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பக்கம். பக்கத்தில் அந்த இடத்து வேலைகள். ஒவ்வொரு வேலைக்கும் எதிரே மூன்று கட்டங்கள்: பார்த்தது, கூட இருந்து செய்தது, தனியே செய்தது. மூன்றாவது கட்டத்தில், நாம் செய்வதை நேரில் நின்று பார்த்த, அந்தப் பிரிவுக்குப் பொறுப்பான சிஸ்டர் தேதியோடு கையெழுத்துப் போட வேண்டும். எல்லாக் கட்டமும் நிரம்பினால் வீட்டிலிருந்து வந்து போக அனுமதி. ஒன்று குறைந்தாலும், அது நிரம்பும் வரை விடுதிதான்.

தாய்ப்பால் குடிக்கிற குழந்தை வீட்டில் இருக்கிறது என்று நான் மேட்ரனிடம் சொன்னேன். அவர் கடுமையானவர் அல்ல. "ஒரு மாசந்தானேம்மா. வாரத்துல ஒரு மத்தியானம் லீவு இருக்கு. சாயங்காலத்துல கொண்டுவந்து காட்டச் சொல்லு" என்றார். எனக்கு மறுத்துப் பேசத் தெரியாது. சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்து, தலையாட்டியிருக்கக் கூடாதோ என்று யோசித்துக்கொண்டே பெட்டியைக் கொண்டுவந்து விடுதியில் வைத்தேன்.

முதல் வாரத்தில் வந்த எரிச்சலைச் சொல்லி மாளாது. துணி அறைக்காரர் விரிப்புகள் எங்கே இருக்கின்றன என்று காட்டினார். காட்டியதற்குக் கையெழுத்து வேண்டும். பேனாவில் மசி இல்லை, நாளை வா என்றார். நாளை அவருக்கு விடுமுறை. சமையல்கூடத்தில் கஞ்சி, பால், உப்பில்லாச் சாப்பாடு யார் யாருக்கு என்று நான் ஒப்பிக்க, தலைமைச் சமையல்காரர் சாம்பாரைக் கிளறிக்கொண்டே கேட்டுவிட்டு, கை ஈரம் என்று சொல்லி என்னை அரைமணி நேரம் நிற்க வைத்தார். நெருப்புப் பிடித்தால் அணைக்க மணல் வாளி எங்கே தொங்குகிறது என்பதற்குக்கூட ஒரு கட்டம் உண்டு. வாளியை நான் கண்டுபிடித்தேன். அதில் மணல் இல்லை. மணல் இருக்கிறதா என்பதற்குக் கார்டில் கட்டம் கிடையாது.

வார்டுக்குப் போனதும் வேறு விதமான தொல்லை. அறுவை வார்டு சிஸ்டர் திருநெல்வேலிக்காரர், வேலையில் படு சுத்தம். படுக்கை விரிக்கும்போது தலையணை உறையின் திறந்த பக்கம் வாசலைப் பார்க்கக் கூடாது என்பது அவர் சட்டம். நானும் அப்படித்தான் படித்திருந்தேன். பெண்கள் வார்டு சிஸ்டருக்கோ வாசல் பொருட்டே இல்லை. கடல் காற்று ஜன்னல் வழியாக வந்து உறைக்குள் மணலையும் ஈரத்தையும் அடைக்கிறது, அதனால் திறந்த பக்கம் ஜன்னலைப் பார்க்கக் கூடாது என்றார். அங்கே ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம்தான் வாசல். அறுவை வார்டில் கையெழுத்து வாங்கிய அதே கையால் இங்கே எல்லாப் படுக்கையையும் பிரித்து மறுபடி விரித்தேன்.

இதற்கு நடுவில் மாலை வேளைகளில் கணவர் வேலை முடிந்து வீட்டுக்குப் போய், குழந்தையைத் தூக்கிக்கொண்டு மறுபடி பஸ் ஏறி வருவார். விடுதி வாசலை ஒட்டிய சின்ன அறையில் உட்கார்ந்து பால் கொடுப்பேன். எனக்கு மாலை வேலையாக இருந்தால் அதுவும் இல்லை. வேலை நேரத்தில் மார்பு கட்டிக்கொண்டு வலிக்கும். உடுப்புக்குள் மடித்த துணி வைத்துக்கொண்டு, மேலங்கி நனைகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டே ஊசியும் மருந்தும் கொடுப்பேன். இடைவேளையில் விடுதிக்கு ஓடிப் போய்ப் பீய்ச்சிக் கீழே ஊற்றிவிட்டு வருவேன். அங்கே குழந்தைக்கு நாத்தனார் கிண்ணத்தில் பசும்பால் புகட்டிக்கொண்டிருப்பாள். பால் சுண்டிவிடுமோ என்று ஒரு பயம். சுண்டாமல் இப்படி வலிக்கிறதே என்று ஓர் அழுகை.

ஆனாலும் கார்டு நிரம்பிக்கொண்டுதான் வந்தது. கண்ணாடி ஸிரிஞ்சுகளைப் பிரித்து வேகவைப்பது, பென்சிலின் கலந்து வேளை தவறாமல் போடுவது, புண் கட்டுவது, எனிமா, சிறுநீர் இறக்குவது எல்லாவற்றுக்கும் கையெழுத்து விழுந்தது. மீதி நின்றது ஒன்றே ஒன்று. வயிறு கழுவுதல்.

வேடிக்கை என்னவென்றால், அதை நான் ஏற்கனவே செய்து முடித்திருந்தேன். அறுவை வார்டில் ஒரு நோயாளிக்கு இரைப்பையின் கீழ்வாய் அடைத்துப்போய், சாப்பிட்டது இறங்காமல் தேங்கிக் கிடந்தது. ஆபரேஷனுக்கு முன் வயிற்றைக் கழுவச் சொன்னார் டாக்டர். அறுவை வார்டு சிஸ்டர் பக்கத்தில் நிற்க, நான்தான் செய்தேன். ரப்பர் குழாயில் கிளிசரின் தடவி, விழுங்கச் சொல்லிச் சொல்லி இறக்கி, அது மூச்சுக்குழாய்க்குப் போய்விடவில்லை என்று சோதித்து, புனலில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, புனல் முழுக்கக் காலியாகும் முன்பே அதைத் தாழ்த்தி வாளியில் வடித்து, வெளியே வருகிற தண்ணீர் தெளியும் வரை திரும்பத் திரும்பச் செய்தேன். அந்த மனிதர் குழாயை எடுத்ததும் கும்பிட்டார். சிஸ்டரும் நன்றாகச் செய்தாய் என்றார்.

சந்தோஷமாகக் கார்டை நீட்டினேன். அவர் தன் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை விரலால் தேடினார். அந்த வேலை அங்கே இல்லை. அவசரப் பிரிவின் பக்கத்தில் இருந்தது.

"நீ சுத்தமாத்தான் செஞ்ச. நான் கண்ணால பாத்தேன். ஆனா என் பக்கத்துல அந்த வேலையே இல்லையே, நான் எங்க கையெழுத்துப் போட?" என்றார்.

அவசரப் பிரிவுப் பக்கத்திலேயே போடுங்கள் என்று கேட்டேன். அடுத்தவர் பக்கத்தில் கை வைத்தால் மேட்ரன் கார்டையே செல்லாது என்று சொல்லிவிடுவார் என்றார். மேட்ரனிடம் போனேன். அறுவை வார்டு சிஸ்டர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தால் அவசரப் பிரிவு சிஸ்டர் அதை வைத்துக் கையெழுத்துப் போடலாமா என்று கேட்டேன். மேட்ரன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, முடியாது என்றார். வார்டில் ஆள் அமைதியாக உட்கார்ந்து விழுங்குவார், அவசரப் பிரிவில் வருகிறவர் அப்படி இல்லை, இது வேறு, அது வேறு என்றார். குழாய் ஒன்றுதான், வயிறும் ஒன்றுதான், இதில் என்ன வேறு என்று எனக்குத் தொண்டை வரை வந்தது. வழக்கம்போலத் தலையாட்டினேன்.

ஆக, நான்காவது வாரத்தில் நான் காத்திருந்தது எதற்கு? யாராவது விஷம் குடிக்க வேண்டும் என்பதற்கு. இதை எழுத எனக்குக் கூசுகிறது. ஆனால் அந்த அட்டவணை என்னை அப்படித்தான் உட்கார வைத்தது. நசுங்கிய விரல்கள் வந்தன. மூட்டை சரிந்து அடிபட்ட துறைமுகக் கூலிகள் வந்தார்கள். தொழிற்சாலையில் கொதிநீர் பட்டவர் வந்தார். தொண்டையில் மீன் முள் சிக்கியவர்கூடக் கல்மண்டபத்திலிருந்து நடந்தே வந்தார். வயிறு கழுவ ஆள் இல்லை.

அந்தப் பிரிவில் வேலை செய்த ஆயாவுக்கு என் கதை முழுக்கத் தெரியும். தினமும் நான் உள்ளே நுழையும்போதே ஆரம்பித்துவிடுவாள்.

"இன்னா சிஸ்டர், இன்னிக்காவது உன் கேசு வர்தா பாப்போம். நம்ம பேட்டைல ஒருத்தனுக்கும் ரோசமே இல்லாமப் பூட்சு. எதையாவது குட்சிட்டு வந்தா, நீ வூட்டுக்குப் போவே."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. அவளிடம் காட்டி என்ன பயன்?

அட்டவணையின் கடைசி நாட்களில் ஒரு காலை. வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு இளைஞனைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தார்கள். துணி வெளுக்கிற வேலை செய்பவன். வாயிலிருந்து எச்சில் ஒழுகியது. பேச முடியவில்லை. எதையோ குடித்துவிட்டான் என்று கூட வந்தவர் கத்தினார். "வந்துச்சு சிஸ்டர் உன் கேசு" என்று ஆயா ஓடிவந்தாள். நான் ஒரு நொடி நிற்கவில்லை. தட்டு, குழாய், புனல், கிளிசரின், வாளி, முதலில் வெளிவருவதைப் பரிசோதனைக்கு எடுத்து வைக்கிற ஜாடி, எல்லாம் மேஜையில். நாத்தனாரிடமிருந்து குழந்தையை வாங்கிக்கொள்வதுபோல் மனதுக்குள் ஒரு படம்கூட ஓடிவிட்டது.

அவசரப் பிரிவு சிஸ்டர் ராயபுரத்துக்காரர். உரத்த குரல், கலகலப்பான பேச்சு. அன்று அவர் குரலைத் தாழ்த்தி, கூட வந்தவரிடம் என்ன குடித்தான், எந்தப் பாத்திரத்திலிருந்து குடித்தான் என்று கேட்டார். துணிக்குப் போடக் கரைத்து வைத்திருந்த காஸ்டிக் சோடாக் காரத் தண்ணீரை, களைப்பில் மோர் என்று நினைத்து எடுத்துக் குடித்திருக்கிறான். டாக்டர் வந்து வாய்க்குள் பார்த்தார். உதடும் நாக்கும் வெளுத்து வீங்கியிருந்தன. குழாயை எடுத்து அப்பால் வைக்கச் சொன்னார். காரம் அரித்த உணவுக் குழாயில் ரப்பர் குழாயை விட்டால் கிழிந்து ஓட்டை விழும். நீர்த்த எலுமிச்சைச் சாறு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பால், வலிக்கு ஊசி. அவ்வளவுதான் உத்தரவு.

இது நான் படித்ததுதான். அமிலமும் காரமும் குடித்தவர்களுக்குக் குழாய் கூடாது என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள் நான். டாக்டர் வந்து பார்க்காமல் நானாகக் குழாயை விட்டிருக்க மாட்டேன் என்பதும் நிச்சயம். ஆனாலும் கேள்வியைக் கேட்டவர் சிஸ்டர். தட்டை அடுக்கியவள் நான். வார்டு வேறு, அவசரப் பிரிவு வேறு என்று மேட்ரன் சொன்னதில் ஏதோ இருக்கிறது என்று அப்போது பட்டது. பட்டதால் எரிச்சல் குறையவில்லை, கூடியது. ஒரு சட்டம் முழுக்க முட்டாள்தனமாக இருந்தால் நிம்மதியாகத் திட்டலாம். பாதி நியாயமாக இருந்தால் என்ன செய்வது? தட்டை எடுத்துப் போய்க் குழாயைக் கழுவி மாட்டினேன்.

எலுமிச்சைச் சாறும் பாலும் நான்தான் ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தேன். அவனை வார்டுக்கு அனுப்பிய பிறகு, சிஸ்டர் என்னைக் கூப்பிட்டார்.

"கார்டைக் குடு."

எதற்கு என்று கேட்டேன்.

"வயிறு கழுவறதுக்குப் போட்டுடறேன். மேல வார்டுல நீ செஞ்சத அந்தச் சிஸ்டர் பாத்துச்சு. இங்க நீ தட்டு வெச்சத நான் பாத்தேன். இதுக்கு மேல இன்னா?"

கார்டு என் பையிலேயே இருந்தது. கையை உள்ளே விட்டுவிட்டேன். காகிதத்தின் மடிப்பு விரலில் பட்டது. கட்டத்தின் தலைப்பு எனக்கு மனப்பாடம்: தனியே செய்தது. இந்த இடத்தில், இவர் முன்னால், நான் செய்யவில்லை. அது மட்டுமில்லை. இன்றைக்கு இங்கே செய்திருந்தால் தப்பாகப் போயிருக்கும்.

"நான் இங்க செய்யலையே சிஸ்டர்" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "நல்ல பொண்ணும்மா நீ. உன் புள்ள அங்க அழுவுது, நீ இங்க நியாயம் பேசிகினு கீறே" என்று சொல்லிவிட்டு, பேனாவை மூடிக்கொண்டு எழுந்து போனார். ஆயா தரையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

அன்று மாலை கணவரிடம் சொன்னபோது, அவர் குழந்தையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினார். கோபித்துக்கொள்ளவில்லை. கப்பலில் தான் பார்க்காத மூட்டைக்குத் தானும் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா மூட்டைக்குப் பசிக்காது" என்றார்.

மாதம் முடிந்தது. கார்டில் ஒரு கட்டம் வெள்ளையாக நின்றது. மேட்ரன் வருத்தப்பட்டார், அது நிரம்பும் வரை அவசரப் பிரிவிலேயே இரு என்றார். அடுத்த மாதமும் பெரும்பாலும் போனது. குழந்தைக்குச் சளி பிடித்தது. மூக்கடைத்த குழந்தையைக் கடற்காற்றில் பஸ்ஸில் கொண்டுவர வேண்டாம் என்று நானே சொல்லி அனுப்பினேன். சளி தேறியதும் மழை; வார லீவு மத்தியானத்தில் நான் வீட்டுக்குப் போனால்தான் உண்டு. பீய்ச்சினாலும் பால் குறைந்துகொண்டே வந்தது.

பிறகு ஒரு மத்தியானம் தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். வீட்டில் சண்டை, எதையோ அரைத்துக் குடித்துவிட்டாள். இந்த முறை தட்டைத் தொடும் முன்பு நான் கேட்டேன்: என்ன குடித்தாள், எவ்வளவு நேரமாயிற்று, வாயில் வெந்திருக்கிறதா? குழாய் விடலாம் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் கையில் எடுத்தேன். அவள் தலையை உதறினாள், பல்லைக் கடித்தாள், என் மணிக்கட்டைப் பிறாண்டினாள். அறுவை வார்டில் விழுங்கச் சொன்னதும் விழுங்கிய மனிதரை நினைத்துக்கொண்டேன். பற்களுக்கு நடுவே கட்டையை வைத்து, ஆயா தோளைப் பிடிக்க, சிஸ்டர் பக்கத்தில் நிற்க, தண்ணீர் தெளியும் வரை செய்தேன். அவள் பிழைத்தாள். சிஸ்டர் பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் பெட்டியோடு வீட்டுக்குப் போனேன். குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தான், என்னிடம் வந்தான். மடியில் போட்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு நாத்தனாரின் கிண்ணத்தைத் தேடினான். பல தடவை முயன்று பார்த்தேன். அவள் சங்கடத்தோடு கிண்ணத்தை மறைத்துக்கூட வைத்தாள். அவன் குடிக்கவில்லை. அவ்வளவுதான். அவன் இளைக்கவில்லை, நன்றாகத்தான் வளர்ந்தான். என்னால்தான் அந்தத் திருப்பிய முகத்தை மறக்க முடியவில்லை.

இப்போது எழுதக் காரணம் இது. போன வாரம் மேட்ரன் என்னைக் கூப்பிட்டு, இந்த அட்டவணையைப் பற்றி அதிகம் முணுமுணுத்தவள் நீதான், புதிய அட்டவணையையும் கார்டையும் நீயே எழுதிக் கொடு என்றார். முணுமுணுத்தது அவர் காது வரை போயிருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அடுத்த மாதம் சேரப்போகிற பெண்ணுக்கு ஐந்து மாதக் குழந்தை இருக்கிறதாம். அவள் வருவதற்குள் நான் முடிக்க வேண்டும்.

ஒரு வேலையை எந்த வார்டில் செய்தாலும், நின்று பார்த்த சிஸ்டர் கையெழுத்துப் போடலாம் என்று எழுதிவிட்டேன். விஷம் குடித்தவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதற்குத் தனியாக ஒரு கட்டம் சேர்த்தேன். முதல் வாரத்திலிருந்தே அவசரப் பிரிவில் தினமும் கொஞ்ச நேரம் இருக்கும்படி மாற்றினேன். மணல் வாளியில் மணல் இருக்கிறதா என்றும் எழுதினேன், மேட்ரன் அதைக் கோடு போட்டு அடித்தாலும் பரவாயில்லை. அதற்கு மேல் ஓடவில்லை. அந்த மாதத்தில் வராமலே போகிற வேலையை எப்படிச் சோதிப்பது? பொம்மையை வைத்துச் செய்து காட்டினால் போதும் என்கிறார் ஒரு சிஸ்டர். வாயால் முழுக்கச் சொல்லச் சொல்லி, வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கேஸ் வரும் நாளில் பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும் என்கிறார் இன்னொருவர். அப்படி விட்டால் அந்த நாளில் நிற்க யாருக்கும் நேரம் இருக்காது என்று எனக்குப் பயம். அவளை விடுதியில் பிடித்து வைத்தால் அந்தக் குழந்தையை நினைத்துப் பயம்.

மற்ற ஆஸ்பத்திரிகளில் வேலை செய்யும் சகோதரிகளே, உங்கள் இடத்தில் இதற்கு என்ன செய்கிறீர்கள்? கைக்குழந்தையோடு வேலைக்குச் சேர்ந்தவர்கள், உங்களுக்கு எது தாங்கக்கூடியதாக இருந்தது, எது இல்லை? நல்லதாக ஒரு வழி தெரிந்தால் இந்தப் பத்திரிகைக்கு எழுதுங்கள். புதிய கார்டின் கடைசிப் பக்கத்தைக் காலியாக வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன்.